வெளிநாட்டில் இருக்கும்போது வரும் அழைப்புக்கு ஏன் காசு? அதைக் கட்டாமல் தப்பிப்பது எப்படி?

கேள்வி: வெளிநாட்டுக்குப் போனால் இன்கமிங் காலுக்கும் காசு பிடிக்கிறார்கள். கூப்பிடுகிறவர்தானே காசு கொடுக்கிறார், நான் ஏன் கொடுக்க வேண்டும்? பேங்க் ஓடிபி வர வேண்டும் என்பதால் சிம்மைக் கழற்றி வைக்கவும் முடியாது. காசு போகாமல் இருக்க என்ன செய்யலாம்?

பதில்:

கூப்பிடுகிறவர் காசு கொடுப்பது உண்மைதான். ஆனால் பாதி வழிக்கு மட்டும்தான் கொடுக்கிறார். மீதிப் பாதி உங்கள் தலையில் விழுகிறது. அந்த இரண்டு பாதிகளும் எங்கே பிரிகின்றன என்று தெரிந்தால், எந்த வழி காசைத் தடுக்கும், எது தடுப்பதுபோலக் காட்டிவிட்டுக் கூடுதலாகப் பிடுங்கும் என்பதை நீங்களே சொல்லிவிடலாம்.

ஒருவர் உங்கள் நம்பரை அழுத்துகிறார். உங்கள் நம்பர் உங்கள் ஊர்க் கம்பெனியுடையது. எனவே நீங்கள் உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் அந்த அழைப்பு முதலில் உங்கள் ஊர்க் கம்பெனியின் எக்ஸ்சேஞ்சுக்குத்தான் போகும். அந்த எக்ஸ்சேஞ்ச் எச்எல்ஆர் என்ற பதிவேட்டைப் பார்த்து, "இந்த ஆள் இப்போது எங்கே?" என்று கேட்கும். வெளிநாட்டில் இறங்கி போனை ஆன் செய்தபோதே, உங்கள் போன் பிடித்த நெட்வொர்க் "இவர் இப்போது எங்களிடம் இருக்கிறார்" என்று அந்தப் பதிவேட்டில் எழுத வைத்திருக்கும். எனவே எச்எல்ஆர் அந்த வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சிடம் கேட்கிறது. அங்கிருந்து ஒரு தற்காலிக எண் வருகிறது. பார்க்க அந்த நாட்டின் சாதாரணப் போன் நம்பர் போலவே இருக்கும். இந்த ஓர் அழைப்பை உங்களிடம் சேர்க்கும் வரை சில விநாடிகளுக்கு மட்டும் உங்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. ஊர்க் கம்பெனி அந்த எண்ணுக்கு ஒரு வெளிநாட்டு அழைப்பைப் போட்டு, இரண்டு துண்டுகளையும் ஒட்டுகிறது. உங்கள் போன் அடிக்கிறது.

இதில் முதல் துண்டு, கூப்பிடுகிறவரிடமிருந்து உங்கள் ஊர்க் கம்பெனி வரை. அதற்கு அவர் தன் வழக்கமான கட்டணத்தைக் கொடுத்துவிட்டார். இரண்டாவது துண்டு, உங்கள் ஊர்க் கம்பெனியிலிருந்து வெளிநாட்டு டவர் வரை. அது முழு வெளிநாட்டு அழைப்பு. அதைக் கொண்டுபோய்ச் சேர்த்ததற்கான செலவை உங்கள் கம்பெனி மற்றவர்களுக்குக் கொடுத்தாக வேண்டும். அதைக் கூப்பிட்டவரிடம் கேட்க முடியாது. அவர் உள்ளூர் நம்பரைத்தான் அழுத்தினார். நீங்கள் ஊரில் இல்லை என்று அவருக்குத் தெரியாது. அவரிடம் கூடுதலாகப் பிடித்தால், அவர் பில்லைப் பார்த்தே நீங்கள் ஊரில் இல்லை என்று கண்டுபிடித்துவிடலாம் என்ற சிக்கலும் உண்டு. பயணம் போக முடிவெடுத்தது நீங்கள், ஆகவே தொலைவுக்கான காசும் உங்களுடையது. ரோமிங் இன்கமிங் கட்டணத்தின் அடிப்படை இவ்வளவுதான்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் இதே தர்க்கம் உள்ளூரிலேயே ஓடியது. அங்கே மொபைல் நம்பருக்கும் வீட்டு நம்பருக்கும் பார்வைக்கு வித்தியாசம் கிடையாது. கூப்பிடுகிறவருக்கு எது மொபைல் என்று தெரிய வழியில்லாததால், மொபைல் வைத்திருப்பவரே தனக்கு வரும் அழைப்பின் நிமிடத்துக்கும் கணக்குக் கொடுத்தார். நம்பரைப் பார்த்துக் கட்டணத்தை ஊகிக்க முடியாத இடத்தில், மிச்சக் காசு அழைப்பை வாங்குகிறவர் பக்கம்தான் சாயும்.

செலவு என்று ஒன்று இருப்பது உண்மை. ஆனால் பில்லில் வரும் தொகை முழுவதும் அந்தச் செலவு அல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2007-இல் முதல் முறை உச்சவரம்பு போட்டபோது, ஒன்றியத்துக்குள் ரோமிங்கில் வரும் அழைப்புக்கு நிமிடத்துக்கு 24 சென்ட் யூரோ என்று நிறுத்தியது. வரம்பு படிப்படியாகக் குறைந்து 2014-இல் 5 சென்ட்டுக்கு வந்தது. 2017 ஜூன் 15 முதல் அந்தக் கூடுதல் கட்டணமே நீக்கப்பட்டது. எக்ஸ்சேஞ்சும் கம்பியும் அதேதான். மாறியது கம்பெனிகளுக்கு இடையிலான மொத்த விலைக்கும் சேர்த்துப் போட்ட கட்டுப்பாடு. அப்படி ஒரு கட்டுப்பாடு இல்லாத இடங்களில் ஊர்க் கம்பெனி நினைப்பதுதான் விலை.

இனி, காசு எங்கே போகிறது என்பதில் பலரும் தவறவிடும் இடத்துக்கு வருகிறேன். "நான் எந்தக் காலையும் எடுக்கவில்லை, இருந்தும் பில் வந்திருக்கிறது" என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் காரணம் வாய்ஸ்மெயில்.

எடுக்காத அழைப்பு, பிஸியாக இருக்கும்போது வந்த அழைப்பு, நீங்கள் சிவப்புப் பொத்தானைத் தட்டி மறுத்த அழைப்பு, இவை எல்லாவற்றையும் வாய்ஸ்மெயிலுக்குத் திருப்பிவிடும்படி பல சிம்களில் ஏற்கெனவே அமைத்திருப்பார்கள். ஊரில் இருக்கும்போது இது தெரியவே தெரியாது. வெளிநாட்டில் என்ன ஆகிறது பாருங்கள். போன் அடிக்க வேண்டுமென்றால் அழைப்பு வெளிநாட்டு எக்ஸ்சேஞ்ச் வரை வந்தாக வேண்டும். வந்துவிட்டது, இரண்டாவது துண்டு திறந்தாயிற்று. இருபது முப்பது விநாடி அடித்தும் நீங்கள் எடுக்கவில்லை. "எடுக்காவிட்டால் வாய்ஸ்மெயிலுக்கு அனுப்பு" என்ற உத்தரவை இப்போது நிறைவேற்றுவது வெளிநாட்டு எக்ஸ்சேஞ்ச். வாய்ஸ்மெயில் பெட்டியோ உங்கள் ஊரில் இருக்கிறது. ஆகவே அங்கிருந்து உங்கள் ஊருக்கு மூன்றாவது துண்டாக இன்னொரு வெளிநாட்டு அழைப்புப் போகிறது. வாய்ஸ்மெயில் எடுத்துக்கொண்டதும் மீட்டர் ஓடத் தொடங்குகிறது. ஊரிலிருந்து உங்களிடம் வந்ததற்கு ஒரு காசு, உங்களிடமிருந்து ஊருக்குத் திரும்பியதற்கு ஒரு காசு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விலை நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் வெறும் அலகில் சொல்கிறேன். ரோமிங் இன்கமிங் நிமிடத்துக்கு 10 அலகு, ரோமிங்கிலிருந்து ஊருக்குப் பேச நிமிடத்துக்கு 30 அலகு, இரண்டும் முழு நிமிடமாக உயர்த்திக் கணக்கிடப்படும் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு ஆறு அழைப்பு வருகிறது. கடன் வேண்டுமா என்று கேட்பவர், பார்சல்காரர், யார் யாரோ. நீங்கள் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. ஒவ்வொருவரும் வாய்ஸ்மெயிலின் வரவேற்புரையை இருபது விநாடி கேட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வைத்துவிடுகிறார்கள். ஒவ்வோர் அழைப்புக்கும் 10 கூட்டல் 30, அதாவது 40 அலகு. ஆறுக்கு 240. பத்து நாள் பயணத்துக்கு 2400 அலகு, ஒரு வார்த்தை பேசாமல். அதே ஆறு பேரிடமும் எடுத்து, "வெளிநாட்டில் இருக்கிறேன்" என்று சொல்லி நிமிடத்துக்குள் வைத்திருந்தால் 600 அலகோடு போயிருக்கும்.

உங்களுக்கு இதுதான் நடந்ததா என்று பில்லைப் பார்த்தே சொல்லலாம். ஒரே நேரத்தில், ஒரே கால அளவில், இரண்டு வரிகள் ஜோடியாக இருக்கும். ஒன்று உள்வந்த அழைப்பு, மற்றொன்று நீங்களே உங்கள் ஊருக்குப் போட்டதுபோன்ற வெளிச்சென்ற அழைப்பு. இரண்டாவது வரியில் உள்ள எண் உங்களுக்கு அறிமுகமே இல்லாததாக இருக்கும். அது வாய்ஸ்மெயில் பெட்டியின் எண்.

போனை அணைத்து வைத்தால் இந்தச் சிக்கல் வராது. ஆனால் எப்படி அணைக்கிறீர்கள் என்பது முக்கியம். பொத்தானை அழுத்தி முறைப்படி அணைத்தாலோ ஏர்பிளேன் மோட் போட்டாலோ, போன் கடைசியாக "நான் போகிறேன்" என்று நெட்வொர்க்கிடம் சொல்லிவிட்டுத்தான் போகும். அடுத்த அழைப்புக்கு ஊர் எக்ஸ்சேஞ்ச் விசாரிக்கும்போதே "ஆள் இல்லை" என்று பதில் வந்துவிடுவதால், வாய்ஸ்மெயிலுக்குத் திருப்புவது ஊரிலேயே நடந்துவிடுகிறது. இரண்டாவது துண்டே பிறக்கவில்லை, காசும் இல்லை. சுரங்கப்பாதைக்குள் போய் சிக்னல் போனாலோ, பேட்டரி திடீரென்று கழன்றாலோ, நெட்வொர்க்குக்கு அது தெரியாது. நீங்கள் இன்னும் இருப்பதாக நினைத்துத் தற்காலிக எண்ணைக் கொடுத்துவிடும். அழைப்பு வெளிநாடு வரை வந்த பிறகு தேடிப் பார்த்து, கிடைக்காமல், அங்கிருந்து வாய்ஸ்மெயிலுக்குத் திரும்பும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் "போன் கிடைக்கவில்லை" என்பதுதான். பில்லில் இரண்டும் வேறு.

புதிய வோல்ட்இ ரோமிங் முறைகள் சிலவற்றில் அழைப்பைக் கையாளும் பொறுப்பு ஊர்க் கம்பெனியிடமே இருப்பதால் இப்படிப் போய்த் திரும்பும் வேலை நடக்காது. ஆனால் நீங்கள் பிடித்திருக்கும் நெட்வொர்க் எந்த முறையில் ஓடுகிறது என்பது உங்கள் கையில் இல்லாததால், பழைய முறை என்றே வைத்துக்கொண்டு தயாராவது நல்லது.

இதிலிருந்து கிடைக்கும் அளவுகோல் ஒன்றுதான்: அழைப்பை என்ன செய்வது என்ற முடிவு ஊர் எக்ஸ்சேஞ்சிலேயே எடுக்கப்பட்டால் ரோமிங் காசு இல்லை, வெளிநாட்டு எக்ஸ்சேஞ்ச் வரை வந்து எடுக்கப்பட்டால் காசு உண்டு. டேட்டா ரோமிங்கை அணைத்து வைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அது இணையத்தை மட்டும்தான் நிறுத்தும், குரல் அழைப்பை ஒன்றும் செய்யாது.

உங்கள் தேவைக்கு, அதாவது சிம் உயிரோடு இருந்து ஓடிபி எஸ்எம்எஸ் வர வேண்டும், அழைப்பு மட்டும் வரக்கூடாது என்பதற்கு, நேரடியான தீர்வு நிபந்தனையற்ற ஃபார்வர்டிங். "எடுக்காவிட்டால் திருப்பு", "பிஸியானால் திருப்பு" என்பவை நிபந்தனை உள்ளவை. அவைதான் மேலே சொன்ன வம்பை இழுப்பவை. நிபந்தனையற்றது என்றால் எதையும் பார்க்காமல் எல்லா அழைப்பையும் உடனே திருப்புவது. இந்த உத்தரவை ஊர் எக்ஸ்சேஞ்ச் முதல் வேலையாகப் பார்க்கும். நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று விசாரிக்கவே போகாது. எஸ்எம்எஸ் வேறு பாதையில் வருவதால் ஃபார்வர்டிங் அதைத் தொடாது. ரோமிங்கில் எஸ்எம்எஸ் வாங்குவதற்குப் பெரும்பாலான கம்பெனிகள் காசு பிடிப்பதில்லை. உங்கள் கட்டண அட்டவணையில் அந்த ஒரு வரியை மட்டும் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கிளம்புவதற்கு முந்தைய நாள், ஊர் நெட்வொர்க்கில் இருக்கும்போதே இதைச் செய்யுங்கள். முதலில் இப்போது என்னென்ன திருப்பங்கள் இருக்கின்றன என்று பாருங்கள்:

```
*#21#
*#61#
*#62#
*#67#
```

21 என்பது எல்லா அழைப்பும், 61 எடுக்காதது, 62 கிடைக்காதது, 67 பிஸி. கடைசி மூன்றில் ஏதேனும் ஓர் எண் தெரிந்தால் அது பெரும்பாலும் உங்கள் வாய்ஸ்மெயில் எண். அதை எழுதி வையுங்கள், திரும்பி வந்ததும் தேவைப்படும். பிறகு நிபந்தனை உள்ள மூன்றையும் ஒரே அடியில் நீக்கலாம், அதன் பின் எல்லாவற்றையும் திருப்பலாம்:

```
##004#
**21*+எண்*11#
```

`+எண்` என்ற இடத்தில் நாட்டுக் குறியீட்டோடு முழு எண்ணைப் போடுங்கள். கடைசியில் உள்ள 11, "குரல் அழைப்புக்கு மட்டும்" என்று பொருள். மறுபடி `*#21#` போட்டு அந்த எண் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இன்னொரு போனிலிருந்து உங்களைக் கூப்பிட்டும் பாருங்கள். உங்கள் போன் அடிக்கவே கூடாது.

`Connection problem or invalid MMI code` என்று திரையில் வந்தால், போனின் அழைப்பு அமைப்புகளில் உள்ள `Call forwarding` பட்டியலில் போய் அதையே செய்யலாம். வோல்ட்இ உள்ள போன்களில் இந்த உத்தரவு டேட்டா வழியாகப் போவதுண்டு. எனவே மொபைல் டேட்டா அணைந்திருந்தால் பிழை வரும். அதை ஆன் செய்து முயலுங்கள். அதுவும் ஆகாவிட்டால் கஸ்டமர் கேரில் சொல்லித்தான் போட வேண்டும்.

எந்த எண்ணுக்குத் திருப்புவது என்பதில்தான் யோசனை வேண்டும். வீட்டில் இருக்கும் ஒருவரின் நம்பருக்குத் திருப்பினால், அவர் எடுத்து "ஊரில் இல்லை" என்று சொல்லிவிடுவார். திருப்பப்பட்ட துண்டு உள்நாட்டு அழைப்பு என்பதால் உள்நாட்டுக் கட்டணம்தான். ஆனால் அந்தக் காசு உங்கள் கணக்கில். இலவச நிமிடங்களில் ஃபார்வர்டிங்கைச் சேர்க்காத பிளான்களும் உண்டு என்பதால் அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அதைவிட வசதியானது, உங்கள் நாட்டு நம்பர் ஒன்றைத் தரும் இணைய போன் சேவை. அந்த நம்பருக்குத் திருப்பினால், நீங்கள் இருக்கும் இடத்தில் ஆப் அடிக்கும், வைஃபையில் எடுத்துப் பேசலாம். மூன்றாவது, வாய்ஸ்மெயில் எண்ணுக்கே நிபந்தனையற்றுத் திருப்புவது. அழைப்பு ஊரைத் தாண்டாது, சொல்ல வேண்டியதைச் சொல்லிவைப்பார்கள். அதைக் கேட்க வெளிநாட்டிலிருந்து வாய்ஸ்மெயிலைக் கூப்பிட்டால்தான் காசு. வைஃபையில் ஆப் வழியாகக் கேட்க முடிந்தால் அதுவும் இல்லை.

வெளிநாட்டில் வாங்கிய உள்ளூர் சிம்முக்கே திருப்பிவிடலாமே என்று தோன்றும். செய்யலாம். ஆனால் ஊரிலிருந்து அந்த நாட்டுக்கு ஆகும் ஐஎஸ்டி கட்டணம் ஒவ்வோர் அழைப்புக்கும் உங்கள் கணக்கில் ஏறும். ரோமிங் இன்கமிங் ரேட்டைவிட அது குறைவா என்று இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பல நேரம் வித்தியாசம் பெரிதாக இருக்காது, சில கம்பெனிகள் வெளிநாட்டு எண்ணுக்குத் திருப்பவே விடுவதில்லை. இன்னொன்று, ஊர் திரும்பிய பிறகு இதை எடுக்க மறந்தால் அழைப்புகள் அந்தப் பழைய எண்ணுக்கே போய்க்கொண்டிருக்கும். சிம் காலாவதியாகி அந்த எண் வேறு யாருக்கோ போனபின்னும் போகும்.

ஒரு எச்சரிக்கை. ஓடிபியைக் குரல் அழைப்பாகச் சொல்லும் முறையும் உண்டு. ஃபார்வர்டிங் போட்டால் அந்த அழைப்பும் திருப்பிய எண்ணுக்குத்தான் போகும். `**21*` என்று தொடங்கும் ஒரு குறியீட்டை அழுத்தச் சொல்லி யாராவது போனில் கேட்டால், அதற்குக் காரணமும் இதுவே: உங்கள் குரல் ஓடிபியைத் தன் போனுக்குத் திருப்பிக்கொள்கிறார். எனவே இதை நம்பிக்கையானவரின் எண்ணுக்கு மட்டும் போடுங்கள்.

திருப்ப யாரும் இல்லை, அழைப்பே வேண்டாம் என்றால் ரோமிங்கில் உள்வரும் அழைப்பைத் தடைசெய்யும் வசதி ஒன்று இருக்கிறது. ஊரில் இருக்கும்போது அது வேலை செய்யாது. வெளிநாட்டு நெட்வொர்க்கில் பதிவானதும் தானாகவே விழித்துக்கொள்ளும்:

```
*351*பாஸ்வேர்ட்*11#
*#351#
#351*பாஸ்வேர்ட்*11#
```

முதல் வரி தடையைப் போடுவதற்கு, இரண்டாவது பார்ப்பதற்கு, மூன்றாவது எடுப்பதற்கு. இந்த நான்கு இலக்கப் பாஸ்வேர்ட் சிம்மின் பின் எண் அல்ல, கம்பெனி வைத்தது. பல இடங்களில் 0000 அல்லது 1234 என்று இருக்கும், ஆனால் ஊகித்துக்கொண்டே போகாதீர்கள். தொடர்ந்து சில முறை தவறாகப் போட்டால் வசதியே பூட்டிக்கொள்ளும், கம்பெனிதான் திறக்க வேண்டும். இங்கே அந்த 11 இன்னும் முக்கியம். அதை விட்டுவிட்டு `*351*பாஸ்வேர்ட்#` என்று மட்டும் போட்டால் தடை எல்லாச் சேவைக்கும் விழும், எஸ்எம்எஸ்ஸும் அதில் ஒன்று. ஓடிபிக்காகச் சிம்மை வைத்துக்கொண்டு ஓடிபியையே தடுத்ததுபோல் ஆகிவிடும். இந்தச் சேவையை எல்லாக் கம்பெனியும் திறந்து வைத்திருப்பதில்லை. `*#351#` போட்டுப் பிழை வந்தால் ஃபார்வர்டிங்குக்கே போய்விடுங்கள். இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள், ஒன்று மற்றொன்றை மறுக்கும்.

இதுவரை சொன்னது அழைப்பைத் தவிர்ப்பது. அழைப்பை எடுக்கவும் வேண்டும், காசும் போகக்கூடாது என்றால் வைஃபை காலிங்கைத்தான் பார்க்க வேண்டும். இதில் உங்கள் போன் வைஃபை வழியாக ஊர்க் கம்பெனிக்கு ஒரு மறைகுறியாக்கிய சுரங்கம் போட்டு, ஊரிலேயே இருப்பதுபோலப் பதிவாகிறது. வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சே கதையில் இல்லை, ஆகவே இரண்டாவது துண்டுக்கான செலவும் இல்லை. பல கம்பெனிகள் இதை உள்ளூர் அழைப்பாகவே கணக்கிடுகின்றன. ஆனால் வெளிநாட்டு இணைய முகவரியிலிருந்து வந்தால் தடுப்பவையும், ரோமிங் ரேட்டே போடுபவையும் உண்டு. இதை மட்டும் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

ஊரில் இருக்கும்போதே `Wi-Fi Calling` அமைப்பை ஆன் செய்து ஒரு முறை பேசிப் பாருங்கள். முதல் முறை இயக்க ஊர் நெட்வொர்க் தேவைப்படலாம். வெளிநாட்டில் இறங்கியதும் முதலில் ஏர்பிளேன் மோட், பிறகு வைஃபையை மட்டும் ஆன் செய்வது. இந்த வரிசையில் எதையும் விடாதீர்கள். ஏர்பிளேன் மோட் இல்லாமல் வைஃபையை மட்டும் நம்பினால், சிக்னல் கொஞ்சம் தளர்ந்ததும் போன் சத்தமில்லாமல் டவருக்குத் தாவிவிடும், அதன் பின் வரும் அழைப்பு வழக்கமான ரோமிங் அழைப்பு. திரையின் மேலே கம்பெனி பெயரோடு `Wi-Fi` என்ற எழுத்தோ, கைப்பேசிக் குறிக்குப் பக்கத்தில் வைஃபை அலையோ தெரிந்தால்தான் சுரங்கம் திறந்திருக்கிறது என்று பொருள்.

பிரவுசர் ஓடுகிறது, ஆனால் அந்தக் குறி வரவில்லை என்றால் பெரும்பாலும் தப்பு வைஃபையில் இருக்கிறது. ஒன்று, லாகின் பக்கத்தைக் கடக்காத ஓட்டல் வைஃபை. இல்லையென்றால் அந்த நெட்வொர்க்கின் ஃபயர்வால் சுரங்கத்துக்கான யுடிபி 500, 4500 போர்ட்டுகளை மூடி வைத்திருக்கும். அலுவலக, பல்கலைக்கழக வைஃபைகளில் இது சகஜம். அங்கே உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. வேறு வைஃபைக்கோ, உள்ளூர் சிம் போட்ட இன்னொரு போனின் ஹாட்ஸ்பாட்டுக்கோ மாறுங்கள். குரல் அழைப்புக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு எம்பிதான் ஆகும், ஹாட்ஸ்பாட்டுக்குப் பாரமில்லை. இதிலும் ஒரு முரண் உண்டு: வைஃபை காலிங்கில் நீங்கள் ஊரில் இருப்பதாகக் கணக்கு என்பதால், நீங்கள் நிற்கும் தெருவில் உள்ள கடைக்குக் கூப்பிட்டாலும் அது ஊரிலிருந்து போட்ட ஐஎஸ்டி. உள்ளூர் எண்களுக்கு உள்ளூர் சிம்மையே பயன்படுத்துங்கள்.

இரண்டு சிம் போடும் போன் என்றால் ஒரே போனில் எல்லாம் முடியும். ஊர் சிம்மில் டேட்டா ரோமிங் அணைத்து, அழைப்பைத் திருப்பிவிட்டு, எஸ்எம்எஸ்ஸுக்காக மட்டும் உயிரோடு வையுங்கள். டேட்டாவுக்கு உள்ளூர் சிம் அல்லது இசிம். ஊர் நம்பரில் பதிவான வாட்ஸ்அப் இந்த டேட்டாவிலும் அப்படியே ஓடும், எனவே வீட்டாரையும் உடன் வேலை செய்பவர்களையும் அதில் கூப்பிடச் சொல்லிவிட்டால் வேலை பாதி குறைந்துவிடும். கவனிக்க வேண்டியது கால் லிஸ்ட்டில் இருக்கிறது. ஊர் சிம்முக்கு முன்பு வந்த மிஸ்டுகாலைத் தட்டினால், பல போன்கள் அதே சிம் வழியாகவே திருப்பிக் கூப்பிடும். அது ரோமிங் அவுட்கோயிங், எல்லாவற்றிலும் விலை கூடியது. வெளிச்செல்லும் அழைப்புக்கு உள்ளூர் சிம்மை இயல்பாக வைத்தாலும், தட்டும் முன் எந்த சிம் என்று ஒரு முறை பாருங்கள்.

நிறையப் பேச வேண்டிய வேலை, வைஃபை நம்ப முடியாத இடம் என்றால் இன்கமிங் அடங்கிய ரோமிங் பேக் போடுவதே மலிவு. அதில் விமானத்திலும் கப்பலிலும் கிடைக்கும் நெட்வொர்க் பெரும்பாலும் சேராது. அவை செயற்கைக்கோள் வழி ஓடுபவை, எந்த நாட்டுக் கணக்கிலும் வராதவை, விலையும் பன்மடங்கு. ஐரோப்பிய ஒன்றியத்தின் இலவச ரோமிங்கும் அங்கே செல்லாது. கப்பல் கரையை விட்டதும் போன் தானாக அந்த நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் முன்பே ஏர்பிளேன் மோட் போடுங்கள். எல்லையோரம் தங்குபவர்களுக்கும் இதே சிக்கல்: ஊரை விட்டு நகராமலே பக்கத்து நாட்டு டவர் கிடைத்து ரோமிங் ஆகிவிடும். அங்கே நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து கைமுறைக்கு மாற்றி, உங்கள் கம்பெனியைத் தேர்ந்தெடுத்து வைப்பதுதான் வழி.

ஊர் திரும்பி இறங்கியதும் திருப்பத்தை எடுத்துவிட்டு, எழுதி வைத்த எண்ணைக் கொண்டு வாய்ஸ்மெயிலை மீண்டும் போட்டுக்கொள்ளலாம்:

```
##21#
**004*+எண்#
*#21#
```

மூன்றாவது வரியைப் போட்டதும் "திருப்பம் இல்லை" என்ற பொருளில் செய்தி வர வேண்டும். இன்னும் ஓர் எண் தெரிந்தால், முதல் வரியை `##21**11#` என்று குரலுக்கு மட்டும் குறிப்பிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள்.